ஒரே பாத்ரூம், நாலு உயரத்து ஆட்கள்: கொமட் எந்த உயரத்தில் இருக்க வேண்டும்?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் வீட்டோடு ஒட்டி ஒரு பாத்ரூம் கட்டுகிறோம். இதுவரை வளவுக்குள் இருந்த குந்து கக்கூஸ்தான். அம்மம்மாவுக்கு முழங்கால் நோ, குந்தி எழும்ப ஏலாது. ஹாட்வெயாரில் ‘கம்ஃபர்ட் ஹைட்’ என்று உயரமான ஒரு கொமட்டைக் காட்டி, வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு இதுதான் நல்லது என்கிறார்கள். நான் ஐந்து அடிகூட இல்லை, மகனுக்கு ஐந்து வயது. எல்லாருக்கும் இந்த ஒன்றுதான். எதை எடுப்பது? கால் வைக்கிற ஸ்டூல் வேண்டும் என்றும் சிலர் சொல்கிறார்கள், அது உண்மையில் தேவையா?

பதில்:

சாதாரண உயரக் கொமட்டையே எடுங்கள். உயரமானதை அம்மம்மாவுக்காகக்கூட எடுக்க வேண்டாம். தாழ்வான கொமட்டை ஒருவருக்காக மட்டும் உயர்த்திக் கொடுக்க வழி இருக்கிறது. உயரமானதை மற்றவர்களுக்காகத் தாழ்த்த வழியே இல்லை. வீட்டில் இரண்டு பாத்ரூம் இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

நான் கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் பாத்ரூம் வேலைகள் எடுத்துச் செய்கிறவன். வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் நடமாட வசதியாக மாற்றிக் கொடுப்பதுதான் இப்போது அதிகம். கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. முழங்கால் நோ உள்ளவருக்குத் தாழ்வான இருக்கையிலிருந்து எழும்புவது கஷ்டம்தான். ஆனால் எவ்வளவு உயரம் என்பது ஆளைப் பொறுத்தது. கடையில் இருப்பது யாருடைய காலுக்காக வந்த அளவு என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 1990இல் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் வந்தது. அதற்கான கட்டட விதிகளில் கொமட் சீற்றின் மேற்பக்கம் நிலத்திலிருந்து 17 முதல் 19 அங்குலம் வரை, அதாவது 43 முதல் 48 செ.மீ. வரை இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். சக்கர நாற்காலியின் இருக்கையும் ஏறத்தாழ அதே உயரம். நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து கொமட்டுக்கு மாற வேண்டுமென்றால் இரண்டும் ஒரே மட்டத்தில் இருப்பது நல்லது. உயரமான முதியவர்களுக்கும் அது வசதியாக இருந்ததால், பிறகு அதையே சௌகரிய உயரம் என்று எல்லாருக்கும் விற்கத் தொடங்கினார்கள். ஆறடி மனிதருக்கு அது சௌகரியம்தான். நம்முடைய அம்மம்மாமார் பெரும்பாலும் அந்த உயரத்து ஆட்கள் இல்லை.

உங்கள் வீட்டு ஆட்களை அளப்பது ஐந்து நிமிட வேலை. ஒரு கதிரையில் செருப்பில்லாமல், முழங்கால் செங்கோணமாக மடங்கும்படி உட்காரச் சொல்லுங்கள். நிலத்திலிருந்து முழங்காலின் பின்பக்க மடிப்பு வரை டேப்பைப் பிடியுங்கள். அந்த அளவும் சீற்றின் உயரமும் ஒன்றாக இருந்தால் பாதம் முழுதாக நிலத்தில் படியும், தொடையிலும் பாரம் சரியாக விழும். சீற் அதைவிட நாலைந்து செ.மீ. கூடினால் எழும்புவது சுகம், ஆனால் குதி லேசாகத் தூக்கத் தொடங்கும். அதற்கும் மேலே போனால் கால் தொங்கும், சீற்றின் முன்விளிம்பு தொடையின் அடியில் அழுத்தும், கொஞ்ச நேரத்தில் கால் விறைக்கும். கொமட்டில் இருந்து எழும்பும்போது கால் மரத்துப் போகிறது, தொடைக்குக் கீழே சிவந்த கோடு விழுகிறது என்று ஒருவர் சொன்னால் அவருக்கு அந்த உயரம் கூட. மாறாக, கடைசி நேரத்தில் தொப்பென்று விழுந்து உட்காருகிறார், எழும்பும்போது சிஸ்டனையோ தண்ணீர்க் குழாயையோ பிடித்து இழுக்கிறார் என்றால் அவருக்கு அது தாழ்வு.

உங்கள் வீட்டைப் போன்ற ஒரு வீட்டுக்கு அளவுகளைப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் அளந்தபின் உங்கள் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். அம்மம்மாவுக்கு 38, உங்களுக்கு 36, கணவருக்கு 43, மகனுக்கு 27 செ.மீ. என்று வைப்போம். கடையில் உள்ள சாதாரணக் கொமட்டின் விளிம்பு 38 அளவில் இருக்கும், சீற் பூட்டினால் 40 ஆகும். கடையில் கேட்கும்போது அவர்கள் சொல்லும் உயரம் சீற்றோடா, சீற் இல்லாமலா என்று கட்டாயம் கேளுங்கள். பெரும்பாலும் பீங்கானின் உயரத்தைத்தான் சொல்வார்கள். கணவருக்கு 40 கொஞ்சம் தாழ்வு, ஆனால் முழங்கால் நன்றாக இருக்கும் ஆளுக்கு அது ஒரு குறையே இல்லை. உங்களுக்கு நாலு செ.மீ. கூட, சமாளிக்கலாம். அம்மம்மாவுக்குக் கால் நன்றாகப் படியும், ஆனால் எழும்பக் கஷ்டப்படுவார். அவருக்கு வேண்டியது 42 முதல் 43.

இப்போது கடைக்காரர் காட்டியதைப் பாருங்கள். அது சீற்றோடு 47 என்றால் அம்மம்மாவின் குதி நிலத்திலிருந்து ஒன்பது செ.மீ. மேலே நிற்கும். எழும்புவதற்கு அவர் முதலில் வழுக்கிக்கொண்டு முன்னுக்கு வந்து, கால் நிலத்தைத் தொடுகிறதா என்று தேட வேண்டும். ஈர நிலத்தில் முதியவர்கள் வழுக்கி விழக்கூடிய இடம் அது. சௌகரியத்துக்கு என்று வாங்கிய சாமான் அவருக்கே பொருந்தவில்லை. உங்களுக்கும் மகனுக்கும் எப்படி இருக்கும் என்று சொல்லவே தேவையில்லை.

அடுத்தது ஸ்டூல். அது தேவையா என்று கேட்டீர்கள். உங்களுக்கு உதவும், மகனுக்குக் கட்டாயம் வேண்டும், அம்மம்மாவுக்கு வேண்டாம்.

குடலின் கடைசிப் பகுதியைச் சுற்றி, பின்னாலிருந்து முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் ஒரு தசை இருக்கிறது. நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் அது பாதையை மடக்கி வைத்திருப்பதால்தான் அடக்கிக்கொள்ள முடிகிறது. குந்தும்போது தொடை வயிற்றை நோக்கி வரும், அந்தத் தசை தளரும், மடிப்பு நிமிரும். கொமட்டில் நேராக இருந்தால் மடிப்பு பாதிதான் நிமிரும், மீதிக்கு முக்க வேண்டும். 2003இல் இஸ்ரேலில் 28 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். 41 முதல் 42 செ.மீ. சீற்றில் சராசரியாக 130 வினாடி, 31 முதல் 32 செ.மீ. தாழ்வான சீற்றில் 114 வினாடி, குந்தினால் 51 வினாடி எடுத்தது. பத்து செ.மீ. தாழ்த்தியதில் கிடைத்த லாபம் கொஞ்சம்தான், குந்தினால்தான் பெரிய வித்தியாசம். வளவுக்குள் இருந்த பழைய கக்கூஸில் காரியம் ஏன் சுருக்காக முடிந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

ஸ்டூல் அந்தக் குந்தலில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது, முழுவதையும் அல்ல. 2019இல் அமெரிக்காவில் 52 பேர் நாலு வாரம் வீட்டில் ஸ்டூலோடும் இல்லாமலும் பயன்படுத்திப் பார்த்தார்கள். பத்தில் ஏழு பேர் சீக்கிரம் முடிகிறது என்றார்கள், பத்தில் ஒன்பது பேர் முக்குவது குறைந்தது என்றார்கள். அவர்கள் தாங்களே எழுதிக் கொடுத்த கணக்கு அது, ஆகவே அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. தண்ணீர் குடிக்காமல், கீரை மரக்கறி தொடாமல் இருக்கிறவருக்கு ஸ்டூல் ஒன்றும் செய்யாது. இரத்தம் போனால், அல்லது வழக்கம் மாறி வாரக்கணக்காக அப்படியே இருந்தால் டொக்டரிடம்தான் போக வேண்டும்.

ஸ்டூலின் உயரம் 18 முதல் 20 செ.மீ. போதும். பாதம் இரண்டும் முழுதாக, சற்று அகலமாக வைக்க இடம் வேண்டும். 40 செ.மீ. சீற்றுக்கு முன்னால் 18 செ.மீ. ஸ்டூலை வைத்தால் உங்கள் பாதத்துக்கும் சீற்றுக்கும் இடையில் 22 செ.மீ. தான். முழங்கால் இடுப்பைவிட மேலே வரும். அப்புறம் முன்னுக்குச் சாய்ந்து முழங்கையைத் தொடையில் வைத்து, வயிற்றைத் தளர விட வேண்டும். ஸ்டூலை வைத்துவிட்டு முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்தால் பாதிப் பலன் போய்விடும். கடையில் உயரமான ஸ்டூல் தந்தால் அதுதான் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள். முதலில் 18இல் பழகுங்கள்.

நம்முடைய பாத்ரூம்கள் ஈர பாத்ரூம்கள். வாளியில் அள்ளிக் குளிப்பதும் கழுவுவதும் அதே நிலத்தில்தான். வழவழப்பான பிளாஸ்டிக் ஸ்டூலின் காலுக்கு ரப்பர் இல்லாவிட்டால் டைலில் ஓடும், சின்னவர் ஏறும்போது அது தெரியவரும். மரத்தில் செய்வதென்றால் தச்சரிடம் சொல்லி வேப்பம் பலகையிலோ தேக்கிலோ செய்து, நாலு காலுக்கும் ரப்பர் அடித்து, குளித்தபின் சாய்த்து வையுங்கள். தண்ணீரில் நின்றால் பலகை ஊதிவிடும்.

மகனைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கொமட் உயரத்தால் அதிகம் கெடுவது பிள்ளைகள்தான், அவர்களுக்கு அதைச் சொல்லத் தெரியாது. கால் தொங்கினால் பிள்ளை இரண்டு கையாலும் சீற்றைப் பிடித்துக்கொள்ளும், விழுந்துவிடுவேனோ என்று தொடையை இறுக்கும். தொடை இறுகினால் கீழ்த் தசையும் இறுகும், போக வேண்டியது போகாது. ‘வரவில்லை’ என்று இறங்கிவிடும். இரண்டு மூன்று நாள் அப்படி அடக்கினால் மலம் இறுகும், அடுத்த தடவை நோகும், நோகும் என்று பயந்து இன்னும் அடக்கும். இந்தச் சுழற்சி தொடங்கியபின் வெளியே எடுப்பது கஷ்டம். காற்சட்டையில் அடிக்கடி சின்னக் கறை படுகிறதென்றால் பிள்ளை சுத்தம் பார்க்கவில்லை என்று ஏசாதீர்கள். உள்ளே இறுகிக் கிடப்பதைச் சுற்றி இளகியது கசிவதாக இருக்கலாம். அதற்கு டொக்டரிடம் காட்ட வேண்டும்.

27 செ.மீ. கால் உள்ள பிள்ளைக்கு 40 செ.மீ. சீற்றில் 18 செ.மீ. ஸ்டூல் வைத்தால் மிச்சம் 22. பாதம் படியும், முழங்காலும் சற்று உயரும். உங்களுக்கு வாங்கிய அதே ஸ்டூல்தான், இரண்டாவது தேவையில்லை. அதோடு சீற்றின் துளையைச் சிறிதாக்கும் பிள்ளைகள் சீற் ஒன்றையும் மேலே போடுங்கள். அது ஒன்றிரண்டு செ.மீ. உயர்த்தும், அதனால் கணக்குக் குழம்பாது. உள்ளே விழும் பயம் போனால் கை விடும், கை விட்டால் உடம்பு தளரும். பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் இன்னொன்று: சிறுநீர் கழிக்கும்போதும் கால் ஊன்றி, தொடையை அகட்டி இருக்கப் பழக்குங்கள். காலை ஒடுக்கிக்கொண்டு இருந்தால் சிறுநீர் உள்ளே தேங்கி, எழும்பியபின் சொட்டும்.

47 செ.மீ. கொமட்டுக்கு இதே பிள்ளைக்கு 25 செ.மீ. ஸ்டூல் வேண்டும். அந்த உயரத்துக்கு ஒரே எட்டில் ஏறுவது ஐந்து வயதுக்குச் சரியில்லை, இரண்டு படி உள்ளது தேட வேண்டும். அது பாத்ரூமின் பாதியைப் பிடிக்கும், இரவில் அம்மம்மா காலடியில் நிற்கும்.

அம்மம்மாவுக்கு வருவோம். கொமட்டின் மேலே வைக்கும் கைப்பிடி உள்ள கொமட் கதிரைதான் என் தெரிவு. ஆஸ்பத்திரிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். கால்களில் துளை இருக்கும், ஊசியை மாற்றிப் போட்டு உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அடியில் உள்ள வாளியைக் கழற்றிவிட்டு, கொமட்டின் சீற்றை மேலே தூக்கிவிட்டு, கதிரையைப் பீங்கானுக்கு மேலே நிறுத்துங்கள். 43க்கு வையுங்கள். வாங்கமுன் இரண்டு விடயம் பாருங்கள்: மிகத் தாழ்ந்த துளையில் போட்டால் எந்த உயரம் வருகிறது, கால்களுக்கு இடையில் உங்கள் கொமட் அடங்குமா. கதிரைக்கும் பீங்கானுக்கும் இடையில் வெளி அதிகமானால் சிறுநீர் முன்னுக்குத் தெறித்து நிலம் நனையும், ஆகவே தேவைக்கு மேல் ஒரு துளைகூட உயர்த்த வேண்டாம். சக்கரம் உள்ள கதிரை இதற்கு வேண்டாம்.

பீங்கானில் பூட்டும் தனிப் பிளாஸ்டிக் உயர்த்தியும் உண்டு, இரண்டு, நாலு, ஆறு அங்குலம் என்று வரும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்புகிறவர்கள் இருக்கும் வீடுகளில் அது அசையத் தொடங்கிவிடும், கை ஊன்றவும் ஒன்றும் இல்லை.

அவர் எழும்பும் முறையையும் ஒருதடவை நின்று பாருங்கள். முன்னுக்கு நகர்ந்து, இரண்டு பாதத்தையும் முழங்காலுக்குக் கீழே பின்னுக்கு இழுத்து, மூக்கு காலுக்கு நேராக வரும்படி குனிந்து எழும்ப வேண்டும். பாதம் பின்னுக்குப் போக இடம் வேண்டும் என்பதால்தான் அவருக்கு ஸ்டூல் ஆகாது என்றேன். உங்கள் ஸ்டூல் அங்கே கிடந்தால் அவர் தடக்கி விழுவார். அதற்குச் சுவரோரம் ஒரு நிரந்தர இடம் வைத்து, பாவித்தபின் தள்ளிவிடும் பழக்கத்தை மகனுக்கும் உண்டாக்குங்கள். இனி எப்போதாவது அவருக்கு இடுப்பு மூட்டுச் சத்திரசிகிச்சை நடந்தால் ஸ்டூல் முற்றாகக் கூடாது. இடுப்பை அதிகம் மடக்க வேண்டாம் என்றுதான் அங்கு பெரும்பாலும் சொல்லி அனுப்புவார்கள்.

கட்டுகிற நேரம் என்பதால் மேசனிடம் சொல்ல வேண்டியவையும் உண்டு. உயரத்தை எப்போதும் டைல் போட்ட நிலத்திலிருந்து அளக்கச் சொல்லுங்கள். கொமட்டை முதலில் சீமெந்தில் வைத்துவிட்டு அதைச் சுற்றிப் பிறகு டைல் போட்டால், அடிச்சாந்தும் டைலுமாக மூன்று நாலு செ.மீ. விழுங்கிவிடும். நீங்கள் 40 என்று வாங்கியது 36 ஆக முடியும். பத்து வருடம் கழித்துப் பழைய டைலுக்கு மேலே புது டைல் ஒட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

சிலர் கொமட்டை உயர்த்த அடியில் திட்டுக் கட்டித் தருவார்கள். திட்டைக் கொமட்டின் அடிப்பாகத்தின் அளவுக்கே வெட்டினால்தான் அது உயரம். முன்னுக்கு ஓரடி நீட்டிக் கட்டினால் நீங்கள் காலை வைப்பதும் திட்டில்தான், ஆகவே சீற்றுக்கும் பாதத்துக்கும் உள்ள தூரம் ஒரு செ.மீ.கூட மாறாது. காசும் போய், தடக்குவதற்கு ஒரு படியும் மிச்சம். இதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பின்பக்கச் சுவருக்குள் குழாய் போகும் வகைக் கொமட்டை உயர்த்தினால் அதன் வாயும் மேலே போய்ச் சுவரில் உள்ள குழாயோடு பொருந்தாது. நிலத்துக்குள் இறங்கும் வகை என்றால் குழாயை நீட்டிக்கொள்ளலாம். உங்களுக்குத் திட்டே வேண்டாம் என்பதால் இது ஒரு தகவலுக்கு மட்டும்.

கைப்பிடிக் கம்பியை இப்போது பூட்டாவிட்டாலும் இடத்தைத் தயார்படுத்தி வையுங்கள். கொமட்டின் நடுக்கோடு பக்கச் சுவரிலிருந்து 40 முதல் 45 செ.மீ. தூரத்தில் வரட்டும். அதைவிடத் தூரமானால் கை எட்டாது, கிட்ட இருந்தால் தோள் இடிக்கும். பொந்துள்ள சீமெந்துக் கல்லில் கட்டுகிற சுவர் என்றால், கம்பி வரும் இடத்தில் பொந்துகளைக் கொங்கிறீற் போட்டு நிரப்பச் சொல்லுங்கள். வெறும் பொந்துக் கல்லில் அடித்த ஆணி, ஆள் பாரம் போட்டு இழுக்கும் அன்று கையோடு வந்துவிடும். துவாய் போடும் கம்பியை அதற்காக நம்பவே கூடாது.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் நிலத்தடி நீர் மேலே இருக்கும் நம் ஊரில், குழிக்குச் சரிவு கிடைக்க வேண்டும் என்று பாத்ரூம் நிலத்தையே உயர்த்திவிடுவார்கள். அதனால் வாசலில் படி வந்தால் அம்மம்மாவுக்குக் கொமட் உயரத்தைவிட அந்தப் படிதான் பெரிய பிரச்சினை. ஒரே உயரமான படியாக விடாமல் இரண்டு தாழ்வான படிகளாக, பக்கத்தில் பிடியோடு கட்டச் சொல்லுங்கள்.

வளவுக்குள் இருக்கும் குந்து கக்கூஸை உடைக்காதீர்கள். அடுத்த வருடம் பள்ளிக்கூடம் போகும் மகனுக்கு அங்கே அதுதான் கிடைக்கும். கொமட் மட்டும் பழகிய பிள்ளைகள் பள்ளியில் குந்தத் தெரியாமல் வீடு வரும்வரை அடக்கிக்கொண்டு வருகிறார்கள். வாரத்தில் சில நாள் அங்கேயும் போகட்டும்.